செப்டம்பர் மாதப் பதிவுகள்: லெபோ பசார் மசாலாக் கடை

தம்பி, மாதம் முழுவதுக்கும் எழுதிவிட்டேன். குறிப்புகளைக் காலை ஏழரைக்குள் போடு. மதியத்துக்கு என்ன சமைப்பது என்று ஜனங்கள் யோசிக்கும் நேரம் அது. கதைகளை இரவு எட்டரைக்குப் போடு, உட்கார்ந்து படிப்பார்கள். தினமும் போட வேண்டாம். விலையை மட்டும் போடுவதற்கு முன் அப்பாவிடம் ஒருமுறை கேட்டுக்கொள். படம் நம் கடையில் எடுத்ததாகவே இருக்கட்டும்.

1, செவ்வாய்
பினாங்கில் மழை பிடித்துக்கொண்டது. மசாலா டப்பாவை அடுப்புக்குப் பக்கத்திலிருந்து இன்றே நகர்த்தி வையுங்கள். கொதிக்கும் சட்டிக்கு மேல் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுவதுதான் தூள் கட்டி பிடிக்க முக்கியக் காரணம். ஆவி நேராக உள்ளே போய்விடும். காய்ந்த கரண்டியால் எடுத்துப் போடுங்கள், மூடியை உடனே மூடுங்கள்.

3, வியாழன்
மல்லியையும் மிளகாயையும் ஒன்றாக வறுக்காதீர்கள். மல்லி மணம் வருவதற்குள் மிளகாய் கருகிவிடும். மல்லி தனியாக, மிளகாய் தனியாக, வெந்தயம் கடைசியில் சூட்டிலேயே ஒரு புரட்டு. அவ்வளவுதான்.

5, சனி
இன்றும் நாளையும்: மீன் கறித்தூள் அரை கிலோ 14 வெள்ளி, இரண்டு எடுத்தால் 25 வெள்ளி. வெள்ளிக்கிழமை அரைத்தது. காலையில் சந்தையில் மீன் வாங்கிவிட்டு வருகிறவர்களுக்காக ஏழு மணிக்கே கடை திறந்திருக்கும்.

7, திங்கள், இரவு
(படம்: அரவை இயந்திரத்தின் வாய், பக்கத்தில் அரிசிக் கிண்ணம்)
தாத்தா 1974-இல் வாங்கிய இயந்திரம் இது. பெல்ட் எத்தனையோ முறை மாறிவிட்டது, உடம்பு அதேதான். மிளகாய் அரைத்த பின் மல்லி போடுவதற்கு முன்னால் தாத்தா ஒரு கை பச்சரிசியைப் போட்டு ஓட்டுவார். உள்ளே ஒட்டியிருக்கும் காரத்தை அரிசி துடைத்துக்கொண்டு வந்துவிடும். அந்தச் சிவந்த மாவை விற்கமாட்டார், தனியாக எடுத்து வைப்பார். "அரிசி போனால் போகட்டும், மல்லி மல்லியாகவே இருக்கணும்" என்பார். அப்பாவும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறார். சிறு பிள்ளைக்கு ரசம் வைக்க மல்லித்தூள் வாங்குகிறவர்கள் கேட்கத் தேவையே இல்லை, அதில் மிளகாய் கலந்திருக்காது.

9, புதன்
மலாய்த் தோழியிடம் சமையல் குறிப்பு வாங்கினீர்களா? ஜிந்தான் பூத்தே என்றால் சீரகம், ஜிந்தான் மானிஸ் என்றால் சோம்பு, ஜிந்தான் ஹீத்தாம் என்றால் கருஞ்சீரகம். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ நான்கையும் சேர்த்து அவர்கள் "அம்பாட் பெராடிக்", அதாவது நான்கு உடன்பிறப்புகள் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர். கடையில் அப்படியே கேட்டாலும் எடுத்துத் தருவோம்.

11, வெள்ளி
பிள்ளையாருக்குக் கொழுக்கட்டைப் பை தயார்: பச்சரிசி மாவு அரை கிலோ, வெல்லம் அரை கிலோ, ஏலக்காய், பாசிப்பருப்பு. எல்லாம் சேர்த்து 15 வெள்ளி. ஞாயிறு மாலை வரை. தேங்காய் தனி, வாங்குகிற அன்றே உடைத்துப் பார்த்துத் தருவோம்.

12, சனி
மாவு ஏன் வெடிக்கிறது? பெரும்பாலும் தண்ணீர் சரியாகக் கொதிக்காததால்தான். உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுத் தளதளவென்று கொதித்த பிறகு மாவில் ஊற்றிக் கிளறுங்கள், மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். மீதி மாவின் மேல் ஈரத்துணி போட மறந்துவிடாதீர்கள்.

14, திங்கள்
விநாயகர் சதுர்த்தி வாழ்த்துகள். காலை பூசை முடித்துவிட்டுப் பத்து மணிக்குக் கடை திறக்கிறோம்.

16, புதன்
1963-இல் இதே நாளில்தான் மலாயாவோடு சபாவும் சரவாக்கும் சிங்கப்பூரும் சேர்ந்து மலேசியா பிறந்தது. எங்கள் கடையில் அந்த ஒற்றுமை மிளகு டின்னில் இருக்கிறது: சரவாக் மிளகு. கருப்பும் வெள்ளையும் ஒரே கொடியின் காய்தான். தோலோடு காய வைத்தால் கருப்பு. பழுத்ததை ஊற வைத்துத் தோலை நீக்கினால் வெள்ளை. பொங்கலுக்குக் கருப்பு, சூப்புக்கு வெள்ளை. இன்று மட்டும் இரண்டிலும் 100 கிராமுக்கு ஒரு வெள்ளி குறைவு.

18, வெள்ளி
நாளை புரட்டாசி முதல் சனி. சைவப் பை: துவரம்பருப்பு ஒரு கிலோ, சாம்பார்த்தூள் 250 கிராம், புளி, பெருங்காயம். 24 வெள்ளி. மாதக் கடைசி வரை இதே விலை. ஒன்று சொல்லிவிடுகிறோம்: தூள் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அட்டையைப் பார்த்து எடுத்துத் தருகிறோம்.

21, திங்கள், இரவு
(படம்: பிளந்த ஜாதிக்காய், உள்ளே சிவப்பு வலை தெரிய வேண்டும்)
பாலேக் பூலாவிலிருந்து இன்று காலை வந்த பழம். கொட்டையைச் சுற்றியிருக்கும் இந்தச் சிவப்பு வலைதான் ஜாதிபத்திரி, உள்ளே இருப்பது ஜாதிக்காய். மேல் சதையை ஊறுகாயாகவும் இனிப்பாகவும் போடுவார்கள். ஒரே பழத்தில் மூன்று சரக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பினாங்கின் மலைச்சரிவெல்லாம் ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நோய் விழுந்து பெரும்பகுதி அழிந்தது. மிச்சமிருக்கும் மரங்களை இன்னும் வளர்க்கிறவர்களிடம்தான் நாங்கள் வாங்குகிறோம். பொடியாக வாங்காதீர்கள். முழுசாக வாங்கி, வேண்டும்போது துருவுங்கள். ஒரு காய் மாதக்கணக்கில் வரும்.

23, புதன்
சுருட்டு போல மெல்லிய அடுக்கடுக்காக இருந்தால் இலங்கைப் பட்டை. தடித்து ஒற்றையாக வளைந்திருந்தால் காசியா. பிரியாணிக்குக் காசியா நன்றாகத் தாங்கும், பாயசத்துக்கும் தேநீருக்கும் இலங்கைப் பட்டை. இரண்டும் இருக்கிறது, விலை வேறு.

25, வெள்ளி
பக்கத்துக் கடை அங்கிள் இன்று நிலாப் பணியாரம் கொடுத்தனுப்பினார். தீபாவளிக்கு நம் முறுக்கு அங்கே போகும். சீன அண்டை அயலாருக்கு நிலா விழா வாழ்த்துகள்.

26, சனி
சம்பளம் வந்திருக்கும், மாதச் சாமான் வாங்குவீர்கள். சொந்தப் பாட்டில், டப்பா கொண்டு வாருங்கள். தூள் வகைகளுக்கு நூற்றுக்கு ஐந்து குறைவு. டப்பா காய்ந்திருக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. புதன் வரை.

28, திங்கள், இரவு
இதையும் சொல்ல வேண்டும். சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம், கூட்டம் அதிகம் என்று மிளகாய்த்தூளை ஆறவிடாமல் பையில் கட்டினோம். பையின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்துவிட்டது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து வாங்கிப்போன அத்தை ஒருவர், மறுவாரம் கட்டி பிடித்த பையோடு திரும்பி வந்தார். திட்டவில்லை, பையை மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான். அது முழுக்க எங்கள் அவசரத்தால் வந்த தவறு. புதுத்தூள் கொடுத்தோம், படகுச் செலவையும் கொடுத்தோம். அன்றிலிருந்து அரைத்ததை வெள்ளைத் துணியில் பரப்பி, விசிறிக்குக் கீழே முழுதாக ஆறவிடுகிறோம். அரைத்த தேதியைப் பையில் கையால் எழுதுகிறோம். தேதி இல்லாத பையை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள், நாங்களே நீட்டினாலும்.

30, புதன்
நவராத்திரிச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை இறங்கிவிட்டன. கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறப் போடுங்கள். முறுக்கு மாவுக்கு இப்போதே பெயர் கொடுத்தால் எந்த நாளில் அரைக்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறோம். சொந்த அரிசி, உளுந்து கொண்டு வந்தாலும் அரைத்துத் தருவோம், கிலோ 2 வெள்ளி. செவ்வாயும் வெள்ளியும் மட்டும்.