மணி போனதுக்கு அப்புறம், அக்காவுக்கும் பாப்பாவுக்கும்

அக்கா, பாப்பா, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து இத படிங்க. பெரியவங்களுக்கு ஒண்ணு, சின்னப் புள்ளைக்கு ஒண்ணுன்னு பிரிச்சு எழுத எனக்கு மனசு வரல, ஏன்னா ரெண்டு பேருக்கும் போனது அதே நாய்தான், அதே மணிதான். ஒரேடியா படிக்க முடியலன்னா பரவால்ல, அழுகை வந்தா போன வச்சிட்டு அழுதுட்டு அப்புறம் வந்து படிங்க.

மொதல்ல இது. அழுங்க. அம்மா அழுறத பாப்பா பாக்கட்டும், பாப்பா அழுறத அம்மா தடுக்க வேணாம். ஒருத்தர் பாத்ரூம்ல போயி அழுறதும் இன்னொருத்தர் தலகாணிக்குள்ள மூஞ்சிய வச்சு அழுறதும் எதுக்கு, மணிக்காக அந்த வீட்டுல யாரும் ஒளிஞ்சு அழ வேண்டியதில்ல.

பாப்பா, மணி தூங்கல கண்ணு. செத்துப் போயிட்டான். தூங்குறதுன்னா காலைல எந்திரிப்போம், இது அப்படி இல்ல, அவனோட உடம்பு வேலை செய்யுறத நிறுத்திடுச்சு. இப்ப அவனுக்கு வலிக்காது, பசிக்காது, அவன புதைச்ச கொய்யா மரத்தடியில குளிராது, மழை பேஞ்சாலும் அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால நைட்டு எந்திரிச்சு அவனுக்கு போர்வை போடணுமேன்னு நீ கவலப்பட வேணாம். நீ தூங்குனா நீ காலைல எந்திரிச்சிடுவ, அம்மாவும் எந்திரிச்சிடுவா, அதுல சந்தேகமே வேணாம்டா.

நீ அன்னைக்கு ஹோம்வொர்க் நோட்ட கடிச்சிட்டான்னு அவன திட்டுனல்ல, அதுனால அவன் சாகல. நீ கோவத்துல என்ன சொல்லியிருந்தாலும், மனசுக்குள்ள என்ன நெனச்சிருந்தாலும், அது யாரையும் சாகடிக்காது. அவனுக்கு கிட்னி கெட்டுப் போச்சு, வயசும் பன்னெண்டு ஆச்சு, அவ்ளோதான் காரணம். நீ திட்டுன அஞ்சாவது நிமிஷம் உன் கால்மேல தலைய வச்சு படுத்தவன் அவன்.

அக்கா, இது உனக்கு, ஆனா பாப்பாவும் கேக்கட்டும். முன்னாடியே கவனிச்சிருக்கலாமேன்னு நேத்து போன்ல திரும்பத் திரும்ப சொன்ன. நாய்ங்களுக்கு கிட்னி மூணுல ரெண்டு பங்குக்கு மேல கெட்ட பிறகுதான் வெளியவே தெரியும், அது வரைக்கும் ஓடும், சாப்புடும், வாலாட்டும். நீ கண்ண மூடிட்டு இருக்கல, அங்க பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. தெரிஞ்ச அன்னைக்கே தூக்கிட்டு ஓடுன, ட்ரிப்ஸ் ஏறுற வரைக்கும் தரையில உக்காந்து அவன் காத தடவிக்கிட்டே இருந்த.

அவன் தவிக்காம போகட்டும்னு டாக்டர் போட்ட அந்த கடைசி ஊசிக்கு சரின்னு சொன்னதும் நீதான்னு அழுற. அந்த ஊசியில மொதல்ல நெனவு போயிடும், அதுக்கு அப்புறம்தான் இதயம் நிக்கும், அவன் வலியோட போகல. அவனால "போதும்"னு வாயத் தொறந்து சொல்ல முடியல, அவனுக்காக நீ சொன்ன. அந்த பாரத்த நீ தூக்குனதாலதான் அவன் கடைசி ராத்திரிய தவிச்சுக் கெடக்காம போனான். கொன்னுட்டேன்னு மறுபடி சொல்லாதக்கா, கொன்னது நோய், நீ கூட இருந்த.

பக்கத்து வீட்டுக்காரங்க "நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கோங்க"ன்னு சொன்னாங்கன்னு சொன்னீங்க, எனக்கே கோவம் வந்துச்சு. அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லிருக்க மாட்டாங்க, ஆனாலும் அத மனசுல ஏத்திக்க வேணாம். திருவண்ணாமல மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர், அங்க ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கும் முன்னாடி, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துல ஒரு நடுகல் வச்சிருக்காங்க. அதுல செத்துப் போன வீரனோட அவன் நாயையும் செதுக்கி, திருடங்கள கடிச்சு காவல் நின்ன அந்த நாயோட பேரு கோவிவன்னு கல்லுலயே எழுதி வச்சிருக்காங்க. பாப்பா, கோவிவன்! எவ்ளோ நல்ல பேரு பாரு. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்துல சண்டைக் கோழிக்கு கூட கல்லு நட்டிருக்காங்க. நாய் பேர கல்லுல எழுதி, கோழிக்கும் கல்லு வச்ச ஊர்க்காரங்க நாம, அப்ப மணிக்காக ஒரு மாசம் அழுதா அது எப்படி அதிகமாகும்? கொய்யா மரத்துகிட்ட நீங்களும் ஒரு கல்லு வைங்க, பாப்பா பெயிண்ட்ல மணின்னு எழுதட்டும், எழுத்து கோணலா வந்தா அப்படியே இருக்கட்டும்.

மணி சாமிகிட்ட போயிருப்பானான்னு பாப்பா கேட்டா. அந்த பக்கம் போயி பாத்துட்டு வந்து சொன்னவங்க யாரும் இல்லடா தங்கம், ஆனா நம்ம பாட்டி சொல்ற தருமர் கதை ஒண்ணு இருக்கு. தருமர் கடைசியா மலை ஏறிப் போறப்ப கூட வந்த பொண்டாட்டி, தம்பிங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா வழியிலயே விழுந்துடுறாங்க, கடைசி வரைக்கும் கூட நடந்தது ஒரு நாய் மட்டும்தான். மேல இந்திரன் ரதத்தோட வந்து நீ ஏறு, நாய விட்டுடுங்கறாரு. என்ன நம்பி வந்தத விட்டுட்டு எனக்கு சொர்க்கமே வேணாம்னுட்டாரு தருமர். அந்த நாய்தான் தரும தேவதைன்னு அப்புறம் தெரிய வருது. நாய்க்கெல்லாம் அங்க இடமில்லன்னு ஸ்கூல்ல யாராச்சும் சொன்னா இந்தக் கதைய சொல்லு. பைரவர் சாமி பக்கத்துலயும் யாரு நிக்கிறான்னு கோயிலுக்கு போறப்ப பாரு.

பாப்பா, நீ பொறக்குறதுக்கு முன்னாடியே அந்த வீட்டுக்கு வந்தவன் மணி. அவன் இல்லாத ஒரு நாள் கூட நீ பாத்ததில்ல, அதனாலதான் வீடே வேற வீடு மாதிரி இருக்கு, உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துக்காத. அக்கா, உனக்கும் அப்படித்தான், நம்ம அம்மா செத்துப் போன அந்த வருஷம்தான ரேஷன் கடை வாசல்ல இருந்து அவன தூக்கிட்டு வந்த. இப்ப அம்மா நெனப்பும் சேந்து வருதுன்னு சொன்னல்ல, அது வரத்தான் செய்யும், ரெண்டுக்கும் சேத்து அழு.

அவனோட தட்ட உடனே எடுக்கணும்னு இல்ல. எடுக்கணும்னு தோணுனா எடுத்து கழுவி வைங்க, வேணாம்னா அங்கயே கெடக்கட்டும். கேட்டு சத்தம் கேட்டு அவன் ஓடி வர்ற மாதிரி இருக்கும், மிச்ச சோத்த கையில எடுத்துட்டு ஒரு நிமிஷம் நிப்பீங்க. எல்லாருக்கும் அப்படி ஆகும், ஒண்ணும் தப்பில்ல.

ஒரு நாள் எதையோ பாத்து சிரிச்சிடுவீங்க. சிரிச்ச உடனே மணிய மறந்துட்டோமோன்னு திக்குன்னு இருக்கும். மறக்கல. பாப்பா வெளையாடப் போனா மணி கோச்சுக்க மாட்டான், அவ பந்து எடுத்தாலே குதிக்கிறவன் அவன். அதே மாதிரி இன்னொரு குட்டி இப்போதைக்கு வேணாம்னு பாப்பா சொன்னா வேணாம், அடுத்த வருஷம் வேணும்னு கேட்டா அதுவும் சரிதான், வர்றவன் வேற ஒருத்தன், மணியோட எடத்துல வந்து உக்காரப் போறதில்ல.

நான் ஞாயித்துக்கிழம காலைல வந்துடுறேன். மணி போட்டோ என் போன்ல நெறைய கெடக்கு, பாப்பா எதெது வேணும்னு சொல்லட்டும், பிரிண்ட் போட்டுட்டு வரேன். அதுக்குள்ள நடுராத்திரி தூக்கம் வரலன்னாலும் போன் பண்ணுங்க, எடுப்பேன்.