இஷ்க்: ஈரடியில் ஒரு சொல்

சுற்றிய கொடியால் பட்டது மரம், பட்டும்,
பற்றிய கொடியின் பூவைத் தன் பூ என்கிறது.

'இஷ்க்' என்ற உருதுச் சொல்லுக்கு நான் கொண்டுவந்த தமிழ் இது. ஒரே சொல்லில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். முடியவில்லை.

உருதுவில் அன்புக்குச் சொற்கள் நிறைய. பியார் வீட்டுச் சொல், குழந்தையிடமும் சொல்லலாம். முஹப்பத் இன்னும் கொஞ்சம் ஆழம். உன்ஸ் என்பது பழகிப் பழகி வருகிற ஒட்டுதல். இஷ்க் வந்துவிட்டால் அந்த ஆளே பழைய ஆள் இல்லை. அரபியிலிருந்து வந்த சொல் இது. மரத்தைச் சுற்றிப் படர்ந்து, அதை உலரவைக்கும் 'அஷகா' என்ற கொடியோடு பழைய அகராதிக்காரர்கள் இதை இணைத்துச் சொல்வார்கள். என் முதல் அடி அங்கிருந்து வந்தது. 'பட்டது' என்ற சொல் கிடைத்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பட்ட மரம், பட்ட பாடு, கண் பட்டது, கை பட்டது: எல்லாமே அதற்குள் இருக்கின்றன.

காதல் என்றே வைத்தால் என்ன? ஞானசம்பந்தர் 'காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி' என்று சிவனைத்தானே பாடினார்? ஆமாம், அந்தக் காதலுக்கு இஷ்க்கின் முழு அகலமும் உண்டு. சூஃபிகள் மனிதர்மேல் வருவதை இஷ்க்-எ-மஜாஸி என்றும், இறைவன்மேல் வருவதை இஷ்க்-எ-ஹகீகி என்றும் பிரித்தாலும், சொல் ஒன்றுதான். முதலாவதை இரண்டாவதற்கு ஏறும் படி என்பார்கள். ஆனால் இன்று காதல் என்றதும் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வருகிறது. பித்து என்று போட்டுப் பார்த்தேன். வெறி இருந்தது, கனிவு போய்விட்டது.

உருதுக் கவிஞர் காலிப் இஷ்க்கை நெருப்பு என்றார்: பற்றவைத்தால் பற்றாது, அணைத்தால் அணையாது, யாருடைய பலமும் அதன்மேல் செல்லாது. அவருக்கு முந்திய மீர் தகீ மீர் இதைப் பெரும் பாறை என்றார். பலவீனனான உன்னால் எப்படித் தூக்க முடியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். நெருப்பைத் தமிழுக்குக் கொண்டுவரத் தயங்கினேன். தொட்டால்தான் தீ சுடும், காமநோய் விலகினாலே சுடும் என்று வள்ளுவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அதற்குப் பக்கத்தில் என் நெருப்பு புகையாகத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் இரண்டாவது அடி. கஸல் என்ற உருதுக் கவிதை வடிவத்தில் ஒவ்வோர் ஈரடியும் ஒரு ஷேர். அதன் முதல் வரி ஒன்றைத் தொடங்கி வைக்கும். இரண்டாவது அதைத் திருப்பிப் போடும். முதலில் 'பட்டும் விடவில்லை கொடியை' என்று எழுதியிருந்தேன். அதில் மரம் வெறும் பிடிவாதக்காரனாக நின்றது. ஆஷிக், அதாவது இஷ்க் கொண்டவன், தன்னை இழந்ததை இழப்பாகவே நினைப்பதில்லை. தனக்குக் கிளையும் இல்லை, இலையும் இல்லை. மேலே பூத்திருப்பது வேறொன்றின் பூ. அதைக் காட்டி 'என் பூ' என்கிறான். 'என்கிறது' என்று நிகழ்காலத்தில் முடித்ததும் அதனால்தான். மரம் பட்டுப்போய்விட்டது, சொல்வதை இன்னும் நிறுத்தவில்லை.