நிலாவின் மழைப் படம்: ஒரு வேண்டுகோள்

அன்புள்ள அங்கிள்,

நீங்களும் ஆன்ட்டியும் நலமாக இருக்கிறீர்களா? பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான் என்று ஆன்ட்டி சொன்னார்கள். இனி வீட்டில் எதையும் கீழே வைக்க முடியாது!

வாட்ஸப்பிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் இதை இரண்டு வரியில் கேட்டால் கோபமாகக் கேட்பது போல இருக்கும். பிளாக் குரூப்பில் போட்டாலோ ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதனால்தான் மெயில்.

ஊருக்குக் கிளம்பும் முன் நீங்கள் ஃபேஸ்புக்கில் போட்ட மழைப் படங்களில் நிலாவின் படம் ஒன்று இருக்கிறது. ஸ்கூல் வேனுக்காக கேட்டருகே நின்றுகொண்டு, நாக்கை நீட்டி மழைத்துளி பிடிக்கிறாளே, அது. படம் அவ்வளவு அழகு. எங்கள் போனில் இருக்கும் எந்தப் படத்திலும் அவள் இப்படிச் சிரித்ததில்லை. ஆனாலும், தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மதுரையில் இருக்கும் இவருடைய அத்தை, குடும்பக் குரூப்பில் ஒரு காலை வணக்கம் படம் அனுப்பினார்கள். சுற்றிலும் ரோஜாப்பூ, நடுவில் நம் நிலா! அது நிலா என்று அத்தைக்கே தெரியவில்லை. யாரோ அனுப்பியதை அப்படியே ஃபார்வர்ட் செய்திருக்கிறார்கள். படம் எங்கிருந்து கிளம்பியது என்று தேடியபோதுதான் உங்கள் பதிவைப் பார்த்தோம். தேதிக்குப் பக்கத்தில் உருண்டை உலகம் மாதிரி குறி இருக்கிறது. அப்படி இருந்தால் உங்கள் நண்பர்கள் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வெறும் முகம் என்றால்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டேனோ என்னவோ. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு தெளிவாகத் தெரிகிறது. அவள் பெயர், எல்கேஜி செக்‌ஷன், ஸ்கூல் பெயர், கீழே இவருடைய செல் நம்பர். பின்னால் நம் அபார்ட்மென்ட் போர்டு. மேலே நீங்கள் எழுதியிருப்பது, ‘தினமும் காலை 8 மணிக்கு எங்கள் வாசலில் பூக்கும் பூ’. நீங்கள் ஆசையாக எழுதியதுதான், எனக்குத் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்த ஒரு படமே போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘அப்பா அனுப்பினார்’ என்று சொன்னால் நான்கு வயதுக் குழந்தை நம்பிவிடும். அதிலும் இவள்! வாட்ச்மேனில் இருந்து கூரியர்காரர் வரை எல்லோரும் அவளுக்கு மாமாதான்.

ஐடி கார்டை மட்டும் மறைத்துப் போடலாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் அங்கிள், படத்தையே எடுத்துவிடுங்கள். நிலாவின் முகம் தெரியும் படங்களை நெட்டில் போடுவதில்லை என்று நானும் இவரும் அவள் பிறந்தபோதே முடிவு செய்தோம். எங்கள் அம்மா ஸ்டேட்டஸில் வைத்தால்கூட எடுக்கச் சொல்லிவிடுவேன். பெரியவளானதும் அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.

படம் இரண்டு இடத்தில் இருக்கிறது: உங்கள் பக்கத்தில் ஒன்று, நீங்கள் இருக்கும் போட்டோகிராபி குரூப்பில் தனியாக ஏற்றியது ஒன்று. ஒன்றை அழித்தால் மற்றொன்று போகாது. பதிவின் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் அழிக்கும் வழி வரும். உங்கள் பக்கத்தில் Move to trash என்று காட்டும். உடனே யார் கண்ணிலும் படாது. 30 நாளில் தானாகவே முழுசாகப் போய்விடும். மற்ற மழைப் படங்களும் அதே பதிவில்தான் இருக்கின்றன என்றால், இந்தப் படத்தை மட்டும் திறந்து அதை மட்டும் அழிக்கலாம். மாடித் தோட்டத்தில் தண்ணீர் சொட்டும் செம்பருத்தி படம் போய்விடக் கூடாது, அது எனக்கும் பிடிக்கும். வெளியில் சுற்றுவதை நம்மால் திரும்பப் பிடிக்க முடியாது, ஆனால் இனிமேல் போகாமல் தடுக்கலாமே.

இந்த சனி, ஞாயிறுக்குள் செய்துவிட்டால் நிம்மதியாக இருக்கும். செய்வதில் ஏதாவது குழப்பம் என்றால் நம் ஊர் இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடியோ காலில் வாருங்கள், இவர் கூடவே இருந்து சொல்லித் தருவார்.

இன்னொன்று, படத்தை அழிக்கும் முன் ஒரிஜினலை எனக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள், ப்ளீஸ். பெரிதாக பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டப்போகிறோம். நீங்கள் வந்ததும் கேமராவோடு வீட்டுக்கு வாருங்கள், அவளை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். வெளியில் மட்டும் போட வேண்டாம்.

உங்கள் துளசிக்குத் தினமும் தண்ணீர் விடுகிறேன், நன்றாகத் துளிர்த்திருக்கிறது. கரண்ட் பில் மெசேஜ் உங்களுக்கே வந்திருக்கும். வரவில்லை என்றால் சொல்லுங்கள், இவர் கட்டிவிடுவார். ஆன்ட்டியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மீனா
(மூன்றாவது மாடி)