செல்விக்கு: புதுவீட்டு ஒற்றுமை பற்றிய டாரட் வாசிப்பு

செல்வி, வணக்கம்.

உங்கள் கேள்வியை ஒரு தாளில் அப்படியே எழுதி முன்னால் வைத்துக்கொண்டுதான் கார்டுகளைக் கலைத்தேன். "ஆவணியில் பால் காய்ச்சுகிறோம். மாமா, அத்தை, கொழுந்தன் குடும்பம் கீழே, நாங்கள் மாடியில். இப்போது இருக்கிற ஒற்றுமை நிலைக்குமா?" முதலில் வந்தது ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ், நேராக. அதன்மேல் குறுக்காக இன்னொன்று எடுத்து வைத்தேன். அது சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸ். இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுற்றி வளைக்காமல் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். விசேஷம் நன்றாக நடக்கும். வீட்டில் இருக்கிற பாசமும் நடிப்பில்லை. ஆனால் அது நிலைக்க வேண்டுமானால், ஹோமப் புகை அடங்குவதற்குள் உங்கள் குடும்பம் பணத்தைப் பற்றி ஒருமுறை வாய்விட்டுப் பேசியாக வேண்டும். இந்த இரண்டு கார்டுகளையும் சேர்த்து வைத்து நான் படிப்பது இதைத்தான்.

இப்போது முதல் கார்டின் படத்தைப் பாருங்கள். மஞ்சள் வானம். முன்னால் நான்கு கோல்கள் நட்டிருக்கிறார்கள், உச்சியில் பூவும் கனியுமாக ஒரு தோரணம். பின்னால் இரண்டு பேர் பூங்கொத்தைத் தூக்கிப் பிடித்து வரவேற்கிறார்கள். அதற்கும் பின்னால் பழைய அரண்மனை மாதிரி ஒரு பெரிய வீடு, அதற்குப் போக அகழியின் மேல் ஒரு பாலம். 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் வரைந்தது. எங்கேயோ இங்கிலாந்தில் வரைந்த படம், ஆனால் நம் ஊர் ஆள் யாரிடம் காட்டினாலும் "பந்தல் போட்டிருக்காங்க, என்ன விசேஷம்?" என்றுதான் கேட்பார். வாழைமரமும் மாவிலையும் மட்டும்தான் குறை.

அந்த ஓவியரோடு சேர்ந்து இந்தக் கட்டை உருவாக்கிய ஆர்தர் எட்வர்ட் வெயிட், இந்தக் கார்டுக்கு அடைக்கலம், இளைப்பாறல், இணக்கம், செழிப்பு என்றெல்லாம் பொருள் எழுதினார். தலைகீழாக வந்தாலும் பொருள் மாறாது என்று அவர் எழுதிய கார்டு இது. கவிழ்ந்தால் கெடுபலன் என்று படித்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். புதுமனை புகப்போகிறவர்களுக்கு வரக்கூடிய கார்டுகளில் இதைவிட நல்லதாக எனக்கு ஒன்றிரண்டுதான் தோன்றும். அந்த மட்டில் நிம்மதியாக இருங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது "நன்றாக நடக்குமா" என்று இல்லையே. "நிலைக்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் நான் தோரணத்தை விட்டுவிட்டுப் பாலத்தைப் பார்க்கிறேன். இந்தப் படத்தில் கொண்டாட்டம் நடப்பது வீட்டுக்கு வெளியே. நாலு கால் நட்டிருக்கிறது, சுவர் இல்லை, கதவு இல்லை. குடியிருக்கப்போகிற வீடு தூரத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம். பந்தலில் சிரித்துக்கொண்டு நிற்கிறவர்கள் எல்லாரும் பாலத்தைக் கடந்து உள்ளே போயாக வேண்டும். பந்தல்காரர் மறுநாளே வந்து காலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு மோட்டார் போடுவது யார், கரண்ட் பில் யார் கட்டுவது, மாடிக்குப் போகிறவர்கள் கீழ்வீட்டு வராந்தா வழியாகத்தான் போக வேண்டுமா என்கிற வாழ்க்கை ஆரம்பிக்கும்.

வாண்ட்ஸ் வரிசையில் நாலுக்கு அடுத்தது ஐந்து. அதில் ஐந்து பையன்கள் ஆளுக்கொரு கோலை ஓங்கிக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார்கள். யார் மேலும் அடி விழுந்த மாதிரித் தெரியாது. அந்தக் கார்டு உங்களுக்கு வரவில்லை, அதை வைத்துப் பயமுறுத்தவும் நான் விரும்பவில்லை. வரிசை அப்படி அமைந்திருப்பதை மட்டும் சொல்கிறேன். கூடிக் கொண்டாடிய உடனே ஒரு சின்ன உரசல் வரும். கிரகப்பிரவேசம் முடிந்த முதல் மாதம் சத்தம் வந்தால், "ஐயோ, கண்ணு பட்டுடுச்சு" என்று பூசணிக்காயைத் தேட வேண்டாம். ஐந்து பேர் ஒரு கூரைக்குள் இடம்பிடித்துக்கொள்கிற சத்தம் அது.

மேலைநாட்டு மரபில் உங்களுக்கு வந்த ஃபோர் ஆஃப் வாண்ட்ஸுக்கு மேஷத்தில் இருக்கும் சுக்கிரனைச் சொல்வார்கள். மேஷம் செவ்வாயின் வீடு. அழகும் பாசமும் தேடுகிற சுக்கிரன், ரோஷக்காரர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உங்கள் வீட்டுக்காரரும் கொழுந்தனும்தான் ஞாபகம் வந்தார்கள். ஒருவருக்கொருவர் உயிரைக் கொடுப்பார்கள், ஆனால் கணக்குக் கேட்டால் முகம் சிவந்துவிடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். (இதை உங்கள் குடும்ப ஜாதகத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முகூர்த்தம் ஜோசியர் குறித்தது, அதில் நான் தலையிட மாட்டேன்.)

இனி இரண்டாவது கார்டு. சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸில் ஒரு வியாபாரி தராசைப் பிடித்துக்கொண்டு, கீழே மண்டியிட்டிருக்கும் இரண்டு பேருக்குக் காசு போடுகிறார். தானம், தாராளம் என்று நல்லவிதமாகவே இதற்குப் பொருள் சொல்வார்கள். எனக்கு இந்தக் கார்டைப் பார்த்தாலே கொஞ்சம் உறுத்தும். கொடுக்கிறவர் நிற்கிறார், வாங்குகிறவர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள், தராசு ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நாலாவது பத்தியில், போகிறபோக்கில் ஒரு விஷயம் எழுதியிருந்தீர்கள். பத்திரிகையில் "இல்லத்தார்" என்று உங்கள் வீட்டுக்காரர் பெயரை மட்டும் போட்டு மாதிரி வந்தபோது, உங்கள் ஓரகத்தி அடுப்படியில் நின்று, "கடன் வாங்குனவங்க பேருதான் வருமோ, நகையைக் கழட்டிக் குடுத்தவங்க பேரு வராதோ" என்று சொன்னதை. அவள் யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னாள், நீங்கள் கேட்டுவிட்டீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வங்கிக் கடன் உங்கள் வீட்டுக்காரர் பெயரில். மாதத் தவணை அவர் சம்பளத்தில் போகிறது. அஸ்திவாரம் போட்டபோது கையில் பணமில்லாமல், ஓரகத்தியின் நகையை அடகு வைத்து வேலையை நிறுத்தாமல் நடத்தினீர்கள். அந்த நகை இன்னும் திரும்பவில்லை. மனை மாமா பெயரில். இதில் யார் தராசைப் பிடித்திருக்கிறார், யார் மண்டியிட்டிருக்கிறார்? உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால், "தம்பிக்குச் சும்மா வீடு கொடுக்கிறேன்" என்பார். கொழுந்தனைக் கேட்டால், "என் பொண்டாட்டி நகையில்தான் இந்த வீடு எழும்பியது" என்பார். இரண்டு பேரும் தன்னைத்தான் நிற்கிறவராக நினைக்கிறார்கள். இன்னொருவர் மண்டியிட்டிருப்பதாக நினைக்கிறார்கள். பாலத்தில் பலகை விட்டிருப்பது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, இது கார்டு சொல்வது இல்லை, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசு உரிமைச் சட்டம் சொல்வது. மனை மாமா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது என்று எழுதியிருந்தீர்கள். அவர் உயில் எதுவும் எழுதாமல் போனால் அத்தை, இரண்டு மகன்கள், மகள் என்று நாலு பேருக்கும் சம பங்கு. உங்கள் நாத்தனாரை இதுவரை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? குத்துவிளக்கை ஏந்தி முதலில் உள்ளே நுழைவது அவர்தான் என்று மட்டும் முடிவு செய்திருக்கிறீர்கள். படத்தில் நாலு கோல் இருக்கிறது. ஒன்று குட்டையாக இருந்தால் தோரணம் ஒரு பக்கம் சரியும். நாலையும் நாலு வாரிசாகப் பார்ப்பது என் கற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனாலும் பாருங்கள். மாமா திடமாக இருக்கும்போதே ஒரு வக்கீலைப் பார்த்து, உயிலோ செட்டில்மென்ட்டோ எது சரிவரும் என்று கேட்டுக்கொள்வது அவர் சாவை நினைப்பதாகாது. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது மகன்கள். மருமகள் வாயிலிருந்து வந்தால் வேறு அர்த்தமாகிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே இரண்டுதான். பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு தம்பதிகள் பெயரும் ஒரே எழுத்தளவில் வரட்டும். மாமா அத்தை பெயர் மேலே. இதை நீங்களே உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், ஓரகத்தி சொன்னதைச் சொல்லாமல். அது உங்கள் காதில் விழுந்தது உங்களோடு இருக்கட்டும்.

அடுத்தது நகை. கிரகப்பிரவேசத்தன்று மொய் வரும், சீர் வரும். ஓரகத்தி வெறும் கழுத்தோடு நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்கிற நிலைமை வந்தால் அவளுடைய பிறந்த வீட்டார் ஒரு வார்த்தை பேசாமல் போனாலும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். முழுதும் மீட்க முடியாது என்று தெரியும். பந்தி மெனுவில் இரண்டு இனிப்பைக் குறைத்து, சீரியல் செட்டை நிறுத்தி, அடகு வைத்த நகையில் ஒரு சங்கிலியையாவது மீட்டு அவள் கையில் கொடுங்கள். பாக்கிக்கு எப்போது என்று ஒரு தேதியும் சொல்லுங்கள். கொடுக்கும்போது நீங்கள் உட்கார்ந்துகொண்டு கொடுங்கள், அவளும் உட்கார்ந்திருக்கட்டும்.

இதையெல்லாம் செய்தால் நிலைக்குமா என்று திரும்பவும் கேட்பீர்கள். ஒரே அடுப்பு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அது ஒரு வருடம் தாண்டுவது எனக்குச் சந்தேகம். மாடியில் தனி அடுப்பு வையுங்கள், முதல் நாளிலிருந்தே. சண்டை வந்து பிரிந்த அடுப்புக்கும் ஆரம்பத்திலேயே வைத்த அடுப்புக்கும் வித்தியாசம் உண்டு. அத்தைக்கு இது மனக்கஷ்டமாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் கீழே சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ் ஒற்றுமைக்கு நல்ல கார்டு. அதில் அந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள், ஒருவர் பூங்கொத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இதே கேள்வியை விசேஷத்துக்கு முன்னால் இன்னொருவரிடம் கேட்க வேண்டாம், என்னிடமும் வேண்டாம். ஏதாவது ஒரு கார்டு பயமுறுத்துகிற மாதிரி வந்தால், ஓரகத்தி முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகத்துக்கு வரும். தை பிறந்த பிறகு எழுதுங்கள். பத்திரிகை அச்சானதும் எனக்கும் ஒன்று அனுப்பினால் சந்தோஷம்.