கைக்கடிகாரத்தை மீட்டுத் தந்தவருக்கு ஒரு நன்றிக் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்களிடமிருந்து வாங்கி வந்த கைக்கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்க வந்த அன்று உங்கள் மேஜையைச் சுற்றி ஆட்கள் காத்திருந்ததால் சுருக்கமாக நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். நீங்கள் செய்திருக்கும் வேலைக்கு அது போதாது. அதனால்தான் எழுதுகிறேன்.

1987இல் என் கல்யாணத்துக்கு என் அண்ணன் வாங்கிக் கொடுத்த வாட்ச் அது. பின்மூடியில் கல்யாணத் தேதியையும் ‘தம்பிக்கு’ என்ற ஒரே சொல்லையும் பொறிக்க வைத்திருந்தார். அண்ணன் இப்போது இல்லை. அவர் கையால் என் கையில் கட்டிவிட்ட பொருள் என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

உங்களிடம் வருவதற்கு முன் வேறு ஓரிடத்தில் காட்டினேன். பழைய மெஷினை எடுத்துவிட்டு பேட்டரி மெஷின் போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் லாபம் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. நீங்களோ லென்ஸை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்ததும், “மெஷின் நல்ல மெஷின், கைவிட வேண்டாம். ஆனால் பாகம் கிடைத்தால்தான் உறுதி சொல்வேன்” என்றீர்கள். அந்த நேர்மையான பேச்சைக் கேட்டதுமே பாதிக் கவலை போய்விட்டது.

மேஜைமேல் மல்லாக்க வைத்தால் ஓடும், கையில் கட்டினால் நின்றுவிடும். அதுவரை யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. பேலன்ஸ் வீலின் அச்சில் ஒரு முனை வளைந்திருப்பதை நீங்கள்தான் காட்டினீர்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன்கூட இருக்காது. உங்கள் லென்ஸ் வழியாகப் பார்த்தும் எனக்கு முதலில் தெரியவே இல்லை. அதே ரக மெஷினிலிருந்து ஓர் அச்சைத் தேடி எடுத்துப் பொருத்தி, ஹேர்ஸ்பிரிங் கோணாமல் திரும்ப உட்காரவைத்தீர்களே, அந்தப் பொறுமையை என்னவென்று சொல்வது! தலைமுடியைவிட மெல்லிய அந்தச் சுருள் கொஞ்சம் பிசகினாலும் நேரம் தாறுமாறாகிவிடும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான், அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு உறைத்தது.

மற்றதையும் விடவில்லை. பசையாக இறுகிப்போன பழைய எண்ணெயைப் போக்க மெஷினை முழுக்கப் பிரித்துக் கழுவி, புது எண்ணெய் இட்டிருக்கிறீர்கள். தளர்ந்துபோன மெயின் ஸ்பிரிங், துருப்பிடித்த சாவித் தண்டு, தேய்ந்த சாவி எல்லாம் மாற்றியாகிவிட்டது. கழற்றிய பாகங்களை ஒரு சின்னப் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தீர்கள். கேட்காமலே அதைச் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அப்புறம் அந்தச் சோதனை மெஷினின் திரை. முன்பு புள்ளிகள் சிதறிக் கிடந்த படத்தையும், இப்போது ஒரே கோடாகப் போகும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்கள். பேலன்ஸ் வீலின் வீச்சு 280 டிகிரி வருகிறது, மணிக்கு 18,000 துடிப்பு சரியாக இருக்கிறது என்று விளக்கினீர்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து விநாடி முந்தலாம் என்றும் முன்கூட்டியே சொன்னீர்கள். அப்படித்தான் முந்துகிறது. அந்த வயது வாட்சுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இதையெல்லாம்விட நான் நன்றி சொல்ல நினைப்பது, நீங்கள் தொடாமல் விட்டதற்காக. கண்ணாடியில் இருந்த கீறல்களைத் தேய்த்துத் தெளிவாக்கிவிட்டு, பின்மூடியை மட்டும் பாலிஷ் சக்கரத்தில் வைக்கவில்லை. “எழுத்து ஏற்கெனவே ஆழமில்லை, ஒரு தடவை தேய்த்தால் பாதி போய்விடும்” என்றீர்கள். மஞ்சளேறிய டயலுக்கும் புதுச் சாயம் பூச வேண்டாம் என்று நீங்களே தடுத்தீர்கள். புதுசுபோல ஆக்கிக் கொடுத்திருந்தால் கூடுதல் கூலி கேட்டிருக்கலாம், நானும் கொடுத்திருப்பேன். இப்போது மூடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ‘தம்பிக்கு’ முழுசாகத் தெரிகிறது. ‘த’வின் கீழ் வளைவு மட்டும் கொஞ்சம் மங்கல், அது முன்பே அப்படித்தான். எது பழுது, எது வயது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த கை உங்களுடையது.

நீங்கள் சொன்னபடி தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுக்கிறேன். இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுகிறேன். தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோவதில்லை. காந்தம் ஆகாது என்றதால் ஸ்பீக்கர் பக்கத்திலும் வைப்பதில்லை. நாலைந்து வருடத்தில் மறுபடி எண்ணெய் போட வேண்டும் என்றீர்கள், அப்போதும் உங்களிடம்தான் வருவேன். அண்ணன் மகள் வாட்சைப் பார்த்துவிட்டு, தன் அம்மாவின் சின்ன வாட்ச் ஒன்றும் நின்றுபோய்க் கிடக்கிறது என்றாள். உங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். வந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

மிக்க நன்றியுடன்,
‘தம்பிக்கு’ வாட்சின் சொந்தக்காரன்