வாராந்திர உடற்கல்விப் பாடவேளைகளை உயர்த்தக் கோரும் முன்மொழிவு

அனுப்புநர்
சு. கலைச்செல்வி,
உடற்கல்வி ஆசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
திருமயம் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
திருமயம் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

நாள்: 09.06.2025

பொருள்: 6 முதல் 10 வரையான வகுப்புகளுக்கு உடற்கல்விப் பாடவேளைகளை உயர்த்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தக் கல்வியாண்டின் கால அட்டவணை இம்மாத இறுதிக்குள் முடிவாகும் எனக் கடந்த வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் தாங்கள் தெரிவித்தீர்கள். அதற்கு முன் இந்த முன்மொழிவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்கு இப்போதுள்ள இரண்டு உடற்கல்விப் பாடவேளைகளை நான்காகவும், 10-ஆம் வகுப்புக்கு இரண்டை மூன்றாகவும் உயர்த்தித் தருமாறும், ஒதுக்கிய பாடவேளைகள் வேறு பாடங்களுக்கு மாற்றப்படாமல் இருக்க வழிசெய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது ஒரு மாணவருக்கு அட்டவணைப்படி கிடைப்பது வாரத்துக்கு 80 நிமிடம். வகுப்பறையிலிருந்து வரிசையாக இறங்கி வருவதற்கும், வருகை எடுப்பதற்கும், முடிந்தபின் கைகால் கழுவித் திரும்புவதற்கும் ஒவ்வொரு பாடவேளையிலும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் போய்விடுகிறது. ஆகவே, பிள்ளைகள் உண்மையில் உடலை அசைப்பது வாரம் ஒரு மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குச் சராசரியாக நாள்தோறும் 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கான உடல் இயக்கம் தேவை என்கிறது. எலும்பையும் தசையையும் வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு நாளைக்கு வேண்டியதை நாம் ஒரு வாரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மீதியைப் பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் ஆடி ஈடுசெய்துகொள்வார்கள் என்று ஒரு காலத்தில் நம்ப முடிந்தது. 146 நாடுகளின் ஏறத்தாழ 16 லட்சம் பள்ளி மாணவர்களின் தரவுகளைத் தொகுத்து 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர் தேவையான அளவு உடல் இயக்கம் இல்லாதவர்கள் என்று தெரியவந்தது. ஆண் பிள்ளைகளில் இது 78 விழுக்காடு, பெண் பிள்ளைகளில் 85. இந்தியாவில் நான்கில் மூவர் ஏறத்தாழ இந்நிலையில்தான் இருக்கிறார்கள். நம் பள்ளி கிராமத்துப் பள்ளி, இங்கே அப்படி இருக்காது என்று நானும் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு ஜூலையில் 9-ஆம் வகுப்பின் இரு பிரிவிலும் 71 பேரை 600 மீட்டர் ஓட வைத்தபோது, நடுவில் நிற்காமல் முடித்தவர்கள் 38 பேர் மட்டுமே. நம் மைதானத்தில் அது மூன்று சுற்று. இரண்டாம் சுற்றிலேயே இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொடிக்கம்பத்தின் அருகே நின்றுவிட்டவர்களில் நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் மிதிவண்டியில் வரும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் ஓடி வருகிற அதே பெண், எட்டாம் வகுப்புக்கு வந்ததும் வேப்பமரத்தடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிறாள். கேட்டால் வயிற்று வலி என்பாள். சில நாள் அது உண்மை. பல நாள் ஆண் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்ற கூச்சம்தான். வீட்டுக்குப் போனால் தண்ணீர் எடுப்பதும் தம்பி தங்கையைப் பார்ப்பதும் காத்திருக்கின்றன. தெருவில் இறங்கி ஆட யாரும் விடுவதில்லை. அவளுக்கு விளையாட்டு என்று ஒன்று இருக்குமானால் அது பள்ளி வேளையில் மட்டும்தான் இருக்க முடியும். எலும்பின் அடர்த்தியில் பெரும்பங்கு சேர்வதும் இந்த வளரிளம் பருவத்தில்தான். இப்போது சேராததைப் பின்னர் சேர்ப்பது மிகக் கடினம். வாரம் இரண்டே பாடவேளை இருக்கும்போது, விரும்பி வருகிற ஆண் பிள்ளைகளைச் சமாளிப்பதற்கே நேரம் சரியாகிவிடுகிறது என்பதை என் பணியின் குறையாகவே ஒப்புக்கொள்கிறேன். சென்ற டிசம்பரில் மூன்று வாரம் மைதானத்தின் கிழக்குப் பாதியை மாணவிகளுக்கென்று ஒதுக்கிக் கோ-கோ ஆட வைத்தேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்பு மாணவிகள் ஒன்பது பேரில் ஏழு பேர் இரண்டாம் வாரத்திலேயே துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கிவிட்டார்கள். தொடர்ந்து நடத்தப் பாடவேளை இல்லாததால் பொங்கலுக்குப் பிறகு அது நின்றுபோனது.

அடுத்து, தாங்களும் சக ஆசிரியர்களும் நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். பாடம் நடத்தும் நேரம் குறைந்தால் தேர்ச்சி விழுக்காடு குறையாதா? இதற்கு நேரடியாக விடை தரும் இரண்டு நீண்ட ஆய்வுகள் உள்ளன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் துருவா-ரிவியேர் பகுதியில் 1970-களில் 546 தொடக்கப் பள்ளி மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வாரம் ஐந்து மணி நேரம் கூடுதலாக உடற்கல்வி தரப்பட்டது. அதற்காக மற்றப் பாடங்களின் நேரம் 13 முதல் 14 விழுக்காடு வரை வெட்டப்பட்டது. அப்படியும் அந்த மாணவர்கள் படிப்பில் பின்தங்கவில்லை. முதல் வகுப்பைத் தாண்டிய பிறகு மற்றவர்களைவிடச் சற்று முன்னேறியே இருந்தார்கள். சுவீடனின் மால்மோ நகரை ஒட்டிய புங்கேஃப்லூ பகுதியில் 1999-இல் தொடங்கிய மற்றோர் ஆய்வில், நாள்தோறும் உடற்கல்வி பெற்ற மாணவர்களையும் வாரம் இரண்டு வகுப்பு மட்டும் பெற்றவர்களையும் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கட்டாயக் கல்வியை முடித்து மேல்நிலைக்குத் தகுதி பெற்றவர்கள் முதல் பிரிவில் 96 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 89. மதிப்பெண் கூட்டுத்தொகையில் தெளிவான உயர்வு ஆண் பிள்ளைகளிடம்தான் காணப்பட்டது என்பதையும் மறைக்காமல் குறிப்பிடுகிறேன்.

உடற்கல்வி கூடினால் மதிப்பெண் தானாக ஏறிவிடும் என்று நான் வாக்குறுதி தரவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் ஐம்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றிலிருந்த 251 ஒப்பீடுகளில் பாதிக்குச் சற்று மேல் படிப்புக்கு நன்மையையும், 48 விழுக்காடு எந்த மாற்றமும் இல்லாததையும் காட்டின. தீமையைக் காட்டியவை 1.5 விழுக்காடு மட்டுமே. நமக்கு வேண்டிய செய்தி அந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது. பிள்ளைகளின் உடல்நலத்துக்காக நேரம் ஒதுக்கினால் படிப்பு கெடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018 முதல் 9 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு நாள்தோறும் ஒரு பாடவேளையை உடல்நலத்துக்கும் உடற்கல்விக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த மாணவர்களும் நம் மாணவர்கள் எழுதும் அதே நுழைவுத் தேர்வுகளைத்தான் எழுதுகிறார்கள்.

கூடுதல் பாடவேளைகளை எங்கிருந்து எடுப்பது என்பதையும் யோசித்தே எழுதுகிறேன். 6 முதல் 9 வரையான வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்குக்கும் வாரம் ஏழு பாடவேளைகள் உள்ளன. ஆண்டின் முதல் பாதியில் தமிழும் அறிவியலும், இரண்டாம் பாதியில் ஆங்கிலமும் கணிதமும் வாரம் ஒன்றை விட்டுக்கொடுத்தால் போதும். எந்தப் பாடத்துக்கும் ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ 18 பாடவேளைகளுக்கு மேல் குறையாது. தமிழாசிரியரிடமும் அறிவியல் ஆசிரியரிடமும் பேசியிருக்கிறேன். தாங்கள் இசைந்தால் அவர்களுக்கு மறுப்பில்லை. மற்ற இருவரிடமும் தங்கள் முன்னிலையில் பேச விரும்புகிறேன். நூலகம், ஓவியம் ஆகியவற்றைத் தொட வேண்டாம். அவையும் நம் பாடவேளையைப் போலவே எளிதில் பறிபோகிறவை. 10-ஆம் வகுப்புக்கு, வாரம் ஐந்து நாள் நடக்கும் மாலைச் சிறப்பு வகுப்பில் புதன்கிழமையின் முதல் 40 நிமிடத்தை மட்டும் கேட்கிறேன்.

இப்போது நான் எடுக்கும் பாடவேளைகள் வாரத்துக்கு 20. கூடுதலாகக் கேட்பவற்றை 'அ', 'ஆ' பிரிவுகளை இணைத்து நடத்தினால் அது 29 ஆகும். இதை மனமுவந்து ஏற்கிறேன். புதிய பணியிடம் கேட்கவில்லை. எழுபது பேரை ஒரே நேரத்தில் மேய்க்க முடியுமா என்ற ஐயம் எழலாம். கோ-கோ களத்துக்கு 27 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் போதும். வாலிபால் களம் 18-க்கு 9. மைதானத்தில் இவை இரண்டும் அமைந்து, ஓரத்தில் ஓட்டப் பாதைக்கும் இடமிருக்கிறது. மூன்று குழுவாகப் பிரித்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுழற்றினால் எவரும் சும்மா நிற்க வேண்டியிருக்காது. வெயிலைக் கருதி, கூடுதல் பாடவேளைகளைக் காலை முதல் இரண்டிலோ கடைசிப் பாடவேளையிலோ மட்டும் வைக்குமாறு வேண்டுகிறேன். மதிய உணவு முடிந்த உடனே வரும் பாடவேளை வேண்டவே வேண்டாம். பொருள்களுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மேல்நிலைப் பள்ளிக்கு ஆண்டுதோறும் 25,000 ரூபாய் வரை விளையாட்டு மானியம் உண்டு. கோ-கோ கம்பங்கள், நான்கு வாலிபால், எல்லைக் கோட்டுக்குச் சுண்ணாம்பு ஆகியவை அதற்குள் அடங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது, ஒதுக்கிய பாடவேளை நடக்க வேண்டும் என்பதைத்தான். என் பணிப் பதிவேட்டின்படி, சென்ற ஜனவரி முதல் மார்ச் வரை 10-ஆம் வகுப்பின் இரு பிரிவுக்கும் அட்டவணையில் இருந்தவை 40 பாடவேளைகள், நடந்தவை 11. மற்றவை 'பகுதி முடியவில்லை, இன்று மட்டும் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கப்பட்டவை. கேட்ட ஆசிரியர்கள் எவரையும் நான் குறை கூறவில்லை. தேர்வு நெருக்கடி அவர்களுக்கும் உண்டு, மறுத்துச் சொல்லாதது என் தவறும்கூட. ஆனால் அந்த 29 பாடவேளைகளும் மைதானத்துக்கு வர வரிசையில் நின்ற பிள்ளைகள் மீண்டும் பெஞ்சில் போய் உட்கார்ந்தவை. ஆகவே, பாடவேளை மாற்றம் தங்கள் எழுத்துப்பூர்வ அனுமதியோடு மட்டுமே நடக்கும் என்றும், மாற்றியதை அதே வாரத்தில் ஈடுசெய்ய வேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை வழங்க வேண்டுகிறேன்.

ஓராண்டுக்கும் சேர்த்து இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. அரையாண்டுத் தேர்வு வரை நடத்திப் பார்க்க அனுமதி தாருங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளின் சராசரி மதிப்பெண்களைச் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டும், 600 மீட்டர் ஓட்டத்தை ஜூலையிலும் டிசம்பரிலும் மீண்டும் எடுத்தும், ஜனவரி முதல் வாரத்தில் அறிக்கை தருகிறேன். விட்டுக்கொடுத்த பாடங்களில் மதிப்பெண் சரிந்திருந்தால் பழைய அட்டவணைக்குத் திரும்புவதற்கு எனக்கு மறுப்பில்லை. ஜூன் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம், குறிப்பாக மாணவிகளின் தாய்மாரிடம், இதை விளக்கப் பத்து நிமிடம் ஒதுக்கித் தருமாறும் வேண்டுகிறேன்.

முன்மொழியும் கால அட்டவணையையும் என் பணிப் பதிவேட்டின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. கலைச்செல்வி
உடற்கல்வி ஆசிரியர்