வானியல் மன்றம் தொடங்க அனுமதி வேண்டுதல்

வாணியம்பாடி,
8 ஜூலை 2024

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். நாங்கள் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவ மாணவியர், மொத்தம் 23 பேர். நம் கல்லூரியில் வானியல் மன்றம் ஒன்று தொடங்க அனுமதி கேட்டு இதை எழுதுகிறோம்.

ஆலங்காயம் தாண்டினால் காவலூர். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் நாங்கள், எங்களில் 19 பேர் இன்னும் அதைப் பார்த்ததில்லை. சொல்லவே கொஞ்சம் வெட்கம்தான். போன மாதம் விடுதி மொட்டை மாடியில் ஒரு பைனாகுலரைத் தண்ணீர்த் தொட்டிமேல் ஊன்றி நிலவைப் பார்த்தோம். குழிகளின் விளிம்பில் விழும் நிழல்கூடத் தெரிந்தது. எண்ணம் அங்கேதான் பிறந்தது.

பாடத்தில் படிக்கும் ஒளியியலைக் கையால் செய்து பார்ப்பதே நோக்கம். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நம் ஊரில் நண்பகலில் நேராக நட்ட குச்சிக்கு நிழல் விழாத நாள் வரும். அதை முதலாமாண்டு மாணவர்களுக்கும் காட்டலாம்.

ஒளியியல் எடுக்கும் பேராசிரியை ஆலோசகராக இருக்கச் சம்மதித்துவிட்டார். அவருடைய ஒப்புதல் கடிதம் இத்துடன் உள்ளது.

ஒன்றுவிட்டு ஒரு புதன்கிழமை மாலை 3.30 முதல் 4.30 வரை இயற்பியல் ஆய்வகத்தில் கூடுவோம். அப்புறம், மாதம் ஒரு வெள்ளி மாலை மாடியில் வான்நோக்கல். வீட்டிலிருந்து வரும் மாணவியர் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் 7.30-க்கு முடித்துவிடுவோம். பணம் எதுவும் கேட்கவில்லை. மாடிச் சாவியும், காவலூர் செல்ல ஒரு சனிக்கிழமை அனுமதியும் போதும்.

இப்படிக்கு,
இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவ மாணவியர்